முருங்கைப் பொடிக்கு 14 பயன் இருக்கிறது, எதை முன்னால் வைப்பது?

கேள்வி: வீட்டிலேயே முருங்கைக் கீரைப் பொடி செய்து, 100 கிராம் பாக்கெட் 120 ரூபாய் என்று வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் விற்கிறோம். இரும்புச்சத்து, முடி வளர்ச்சி, சர்க்கரை, மூட்டுவலி என்று 14 பயன்களை அடுக்கி விளம்பரம் போட்டோம். நிறைய பேர் பார்க்கிறார்கள், வாங்குகிறவர்கள் குறைவு. "ஒரே ஒரு பயனைச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அந்த ஒன்று எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

அந்த 14-இல் ஒன்றைப் பொறுக்கி எடுக்க உட்காராதீர்கள். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. அது முருங்கை இலையைப் பற்றிய பட்டியல். மரம் வைத்திருக்கும் யாரும் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். நீங்கள் விற்பது இலையை அல்ல, உலர்த்தி அரைத்த பொடியை. இலை வீட்டுக்கு வந்தால் நடக்காத எது பொடி வந்தால் நடக்கிறது? தேட வேண்டியது அதைத்தான்.

தேடுவதற்கு முன் பட்டியலில் இருக்கவே கூடாதவற்றை நீக்கிவிடுங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், உடல் பருமன் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளும் அனுமதிப்பதில்லை. தவறான உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாட்ஸ்அப்பில் போடுவதால் அது விளம்பரம் இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே சர்க்கரையும் மூட்டுவலியும் முதலில் வெளியே போகட்டும். பலருக்கு இங்கேயே பட்டியல் பாதியாகிவிடும்.

அடுத்தது இரும்புச்சத்து. இதைச் சொல்லச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் சொன்னால் நிற்குமா என்று கரண்டியை வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் ஆய்வகச் சான்றில் 100 கிராமுக்கு 25 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டிப் பொடி சுமார் 3 கிராம். அதில் இருப்பது 0.75 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020-இல் வெளியிட்ட அளவின்படி வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். அதாவது ஒரு கரண்டி தருவது தேவையில் 3 சதவீதத்துக்கும் குறைவு. "சத்து மிகுந்தது" என்று போடுவதற்கான வரம்பை 100 கிராமுக்குத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால் விதிப்படி நீங்கள் தேறிவிடலாம். ஆனால் 100 கிராமை ஒரே நாளில் யாரும் சாப்பிடப்போவதில்லை. விவரம் தெரிந்த ஒருவர் கருத்துப் பெட்டியில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் உங்களிடம் பதில் இருக்காது. இரும்புச்சத்து பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் இருந்துகொள்ளட்டும். அதைத் தலைப்பில் வைக்காதீர்கள்.

மிச்சமிருப்பதில் "இயற்கையானது", "கலப்படமற்றது", "சுத்தமாகத் தயாரித்தது" போன்றவை இருக்கும். இவற்றைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். "எங்கள் பொடியில் கலப்படம் உண்டு" என்று எந்த வியாபாரியாவது சொல்வாரா? மாட்டார். எதிர்ப்பதம் அபத்தமாக ஒலிக்கிறது என்றால், அது வாங்குபவர் ஏற்கெனவே எதிர்பார்க்கும் குறைந்தபட்சம். அதைச் சொல்லி யாரையும் இழுக்க முடியாது. அது இல்லை என்று தெரிந்தால் மட்டும் வந்தவர் போய்விடுவார்.

"நிழலில் உலர்த்தியது" இந்தச் சோதனையில் தப்பிக்கும். வெயிலில் உலர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள் அல்லவா. ஆனாலும் அது செய்முறை, பயன் அல்ல. இதை "அதனால் என்ன?" என்ற கேள்வியால் தோண்ட வேண்டும். நிழலில் உலர்த்தினோம். அதனால் என்ன? பச்சை நிறம் போகவில்லை, காய்ந்த வைக்கோல் வாசனை வரவில்லை. அதனால் என்ன? மாவில் கலந்தால் நல்ல கீரை போட்டது மாதிரியே இருக்கிறது. அதனால் என்ன? கீரை வாங்கி ஆயாமலே வீட்டில் கீரை அடை சுட முடிகிறது. அதனால் என்ன? குடும்பம் ஆரோக்கியமாக இருக்கும்.

கடைசிப் பதிலில் சறுக்கிவிட்டோம், கவனித்தீர்களா? "குடும்பம் ஆரோக்கியமாக இருக்கும்" என்பதைச் சத்துமாவு விற்பவரும் சொல்லலாம், தண்ணீர் வடிகட்டி விற்பவரும் சொல்லலாம், காப்பீடு விற்பவர்கூடச் சொல்லலாம். இந்தக் கேள்வியை எங்கே நிறுத்துவது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். வேறு வகைப் பொருள் விற்பவருக்கும் பொருந்துகிற பதில் வந்ததும் ஒரு படி கீழே இறங்கி அங்கே நில்லுங்கள். நம் ஏணியில் அந்தப் படி, "கீரை ஆயாமலே கீரை அடை".

ஆனால் இது இன்னும் ஊகம்தான். நாற்காலியில் உட்கார்ந்து ஏணி கட்டினால் யாருக்கும் ஒரு பதில் வந்துவிடும். அது சரியா என்று தெரிய, வாங்கியவர்களிடம் பேசியாக வேண்டும். இந்த வேலையில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

யாரிடம் பேசுவது? ஆர்டர் எழுதி வைத்த நோட்டை எடுத்து, மூன்று முறைக்கு மேல் வாங்கியவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் 10 பேர். ஒரே முறை வாங்கி நிறுத்தியவர்களில் 5 பேர். சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் விட்டுவிடுங்கள். அவர்கள் வாங்கியது உங்களுக்காக, பொடிக்காக அல்ல. 15 அழைப்புகள், ஒவ்வொன்றும் 10 நிமிடம், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். சாயங்காலம் 4 மணிக்கு மேல் பேசுவது நல்லது. காலையில் அழைத்தால் அடுப்படியில் நிற்பவர் "நல்லா இருக்கும்மா" என்று ஒரு வார்த்தையில் வைத்துவிடுவார்.

எதைக் கேட்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "எங்கள் பொடி ஏன் உங்களுக்குப் பிடித்திருக்கிறது?" என்று கேட்காதீர்கள். விற்றவரே போன் போட்டுக் கேட்டால் நம் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உங்கள் விளம்பரத்தில் படித்ததையே உங்களிடம் திருப்பிச் சொல்வார்கள். "சத்தும்மா, உடம்புக்கு நல்லது." அதை எழுதி வைத்துக்கொண்டு "பாருங்கள், சத்துக்காகத்தான் வாங்குகிறார்கள்" என்று நீங்கள் முடிவு கட்டினால் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்பீர்கள். கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"அக்கா, பொடியைக் கடைசியா எதுல போட்டீங்க?"

"முந்தாநாள் அடைக்கு மாவு கரைச்சப்ப ரெண்டு கரண்டி போட்டேன்."

"பொடி வாங்குறதுக்கு முன்னாடி அடைக்கு என்ன போடுவீங்க?"

"கீரைதான். ஆனா கட்டு வாங்கிட்டு வந்து உருவணும்ல, ஞாயித்துக்கிழமைதான் முடியும். மத்த நாள்ல வெறும் வெங்காயம்தான்."

"நடுவுல பொடி தீர்ந்துபோச்சே, அப்ப என்ன பண்ணீங்க?"

"அதான் சொன்னேனே, வெங்காயம்தான்!"

மூன்றே கேள்விகள். கடைசியாக எப்போது, எதில் போட்டார்கள்? இது வருவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது? தீர்ந்துபோனபோது என்ன செய்தார்கள்? மூன்றுக்கும் நடந்த காரியத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடியும் என்பதால் மரியாதைக்குச் சொல்லும் பொய்க்கு இடம் குறைவு. "ஞாயிற்றுக்கிழமைதான் முடியும்" என்ற ஒரு சொற்றொடருக்காகவே அந்த அழைப்பு. அதில் வாங்குபவரின் நாள், தடை, ஆசை மூன்றும் இருக்கின்றன. இந்த மாதிரிச் சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள், நீங்கள் அழகுபடுத்த வேண்டாம். பிறகு விளம்பரத்தில் வரப்போகும் மொழியே அதுதான்.

மூன்றாவது கேள்வியில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. "தீர்ந்ததும் வேறு பிராண்டு வாங்கினேன்" என்று சொன்னால் உங்கள் போட்டியாளர் இன்னொரு பொடி. "ஒன்றும் செய்யவில்லை" என்றால் பொருள் அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இல்லை. "வெங்காயத்தோடு விட்டுவிட்டேன்" என்றால் உங்கள் போட்டியாளர் இன்னொரு பொடியே அல்ல, கீரை இல்லாத சமையல். இது தெரியாமல் மற்றப் பொடிகளோடு ஒப்பிட்டு விளம்பரம் எழுதினால், அந்தப் போட்டியே நடக்காத வீட்டில் போய்ப் போட்டி போட்டது போலாகும்.

நிறுத்தியவர்களிடம் கேட்க ஒரே கேள்விதான்: "மிச்சப் பொடி இப்போது எங்கே இருக்கிறது?" கூச்சமில்லாமல் பதில் வரும். "டப்பாவுல இருக்கு, குடிச்சேன், கசந்துச்சு, விட்டுட்டேன்" என்பார்கள்.

இனி, பேசியதை எப்படிப் பிரிப்பது என்று ஒரு மாதிரிக் கணக்கில் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை, உங்களுடையவை வேறாக இருக்கும். திரும்பத் திரும்ப வாங்கிய 10 பேரில் 6 பேர் அடை, தோசை, சப்பாத்தி மாவில் கலக்கிறார்கள். 2 பேர் காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிறார்கள். ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்புகிறார். ஒருவர் சாதத்தில் நெய்யோடு பிசைந்து சாப்பிடுகிறார். நிறுத்திய 5 பேரில் 4 பேர் வெந்நீரில் குடித்தவர்கள்.

தலை எண்ணிக்கையோடு நிறுத்தாமல் எவ்வளவு செலவாகிறது என்றும் பாருங்கள். தினமும் 3 கிராம் குடிப்பவருக்கு ஒரு பாக்கெட் 33 நாள் வரும், அதுவும் தொடர்ந்து குடித்தால். நான்கு பேர் வீட்டில் வாரம் 3 முறை, ஒவ்வொரு தடவையும் 10 கிராம் மாவில் கலந்தால் வாரத்துக்கு 30 கிராம். பாக்கெட் மூன்று வாரத்தில் முடிந்துவிடும், வருடத்துக்கு 15 பாக்கெட் போகும். கலக்குகிறவர்கள் எண்ணிக்கையிலும் அதிகம், செலவழிப்பதும் அதிகம், விட்டுப் போவதும் குறைவு. குடிப்பவர்களைக் குறிவைத்து எழுதும் விளம்பரமோ, ஒரு முறை வாங்கிக் கசந்து ஓடுபவர்களைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். உங்கள் பழைய விளம்பரத்தில் வெந்நீர் டம்ளர் படம் இருந்திருந்தால் விற்பனை மந்தமானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புபவர் ஒருவர்தானே என்று தள்ளிவிடாதீர்கள். ஆனால் அவரை இதே விளம்பரத்தில் சேர்க்கவும் வேண்டாம். அவருக்கு முக்கியமான பயன் வேறு: பச்சை முருங்கைக் கீரை எளிதில் கிடைக்காத ஊரில் கீரை கிடைக்கிறது. ஆயும் வேலை மிச்சம் என்பது அங்கே இரண்டாம்பட்சம். இரண்டு வகை ஆட்களுக்கு இரண்டு முதன்மைப் பயன் என்றால் இரண்டு தனி விளம்பரங்கள் எழுத வேண்டும். ஒரே நோட்டீஸில் இரண்டையும் வைத்தால் இருவரும் "இது நமக்கில்லை போல" என்று தள்ளிப் போவார்கள். இப்போதைக்கு பெரிய கூட்டத்துக்கு எழுதுங்கள்.

இப்போது கையில் ஒரு பயன் இருக்கிறது: கீரை ஆயாமல் வார நாளிலும் கீரை சேர்கிறது. இதை அப்படியே நம்பிவிடாமல் பொருளோடு உரசிப் பார்க்க வேண்டும். விளம்பரம் சொன்னதைப் பாக்கெட் செய்யாவிட்டால் நல்ல விளம்பரம் கெடுதலைத்தான் செய்யும், ஏமாந்தவர்கள் எண்ணிக்கையை அது கூட்டிவிடும். நான்கு இடங்களில் இது இடறலாம்.

முதலாவது கசப்பு. உங்கள் பொடியை எவ்வளவு போட்டால் கசப்பு தெரிகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். ஒரே அடை மாவை நான்கு கிண்ணத்தில் 200 கிராம் வீதம் பிரித்து, 2, 4, 6, 8 கிராம் கலந்து சுட்டு, எது எது என்று சொல்லாமல் வீட்டாருக்குக் கொடுங்கள். எதில் முகம் சுளிக்கிறார்களோ அதற்கு முந்தைய அளவுதான் பாக்கெட்டில் அச்சிட வேண்டிய அளவு. அளவு சொல்லாத பாக்கெட்டை வாங்கியவர், சத்து என்று நினைத்துக் கை நிறையப் போட்டுக் கசக்க வைத்துக்கொள்வார். மாவில் கலக்குபவர்களும் விட்டுப் போக இது ஒன்று போதும்.

இரண்டாவது, பொடி எதற்கு மாற்று என்பது. அடை, தோசை, சப்பாத்தி, பருப்பு ஆகியவற்றில் உதிர்ந்த இலை செய்யும் வேலையைப் பொடி ஓரளவு செய்யும். தேங்காய்த் துருவல் போட்டுப் பிரட்டும் கீரைப் பொரியலைப் பொடியால் செய்ய முடியாது. "இனி கீரை வாங்கவே வேண்டாம்" என்று எழுதினால் பொரியலை மனதில் வைத்து வாங்குபவர் ஏமாறுவார். பயனின் எல்லையை வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்: "மாவில்".

மூன்றாவது, ஆயும் வேலை எவ்வளவு என்பது. முருங்கைக் கீரையைத் துணியில் சுற்றி இரவு முழுக்க வைத்துக் காலையில் உதறினால் பெரும்பாலான இலை தானாக உதிர்ந்துவிடும் என்பது பல வீடுகளில் தெரிந்த கைவேலை. அது தெரிந்தவரிடம் போய் "ஒரு மணி நேரம் மிச்சம்" என்றால் சிரிப்பார். ஒரு கட்டுக் கீரையை வாங்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உருவி, பழுப்பு இலையும் காம்பும் நீக்கி, அலசி முடிக்க உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். 20 நிமிடம் வந்தால் 20 என்றே சொல்லுங்கள். துணியில் சுற்றி வைப்பவருக்கும் முதல் நாளே கீரை வாங்கி வைக்கும் ஞாபகம் வேண்டும், பழுப்பு நீக்கி அலசும் வேலையும் குறையாது. ஆகவே நிமிடக் கணக்கைவிட "முன்கூட்டி யோசிக்க வேண்டாம்" என்பது அவர்களிடமும் எடுபடும்.

நான்காவது நம்பிக்கை சார்ந்தது. இரவில் கீரை சாப்பிடக் கூடாது என்று பல வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியா தவறா என்று விளம்பரத்தில் விவாதம் நடத்த முடியாது. "ராத்திரி தோசைக்கு ஒரு கரண்டி" என்று எழுதினால் பாக்கெட்டை வாங்கிய மருமகள் வீட்டில் மாமியாரிடம் பதில் சொல்ல வேண்டிவரும். அதே பயனைக் காலை டிபனுக்கும் மதிய டப்பா சப்பாத்திக்கும் சொன்னால் எந்தத் தடையும் இல்லை. நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் பயனைக் கண்டுபிடிப்பதில் ஒரு பகுதிதான்.

இங்கே ஒரு பழைய அமெரிக்க உதாரணம் பொருந்தும். 1950-களில் எம் அண்ட் எம்ஸ் சாக்லேட் மிட்டாய்க்கு விளம்பரம் செய்தபோது, சுவை, கோகோவின் தரம் என்று பேசாமல், "வாயில் உருகும், கையில் உருகாது" என்றார்கள். மேலே சர்க்கரை ஓடு இருந்ததால் சொல்ல முடிந்தது. சுவையை எந்த மிட்டாய்க்காரரும் சொல்லலாம், ஓடு இருப்பவர்தான் கையைப் பற்றிப் பேச முடியும். பயன் ஒன்று, அதைத் தாங்கும் பொருளின் உறுப்பு ஒன்று, இரண்டும் சேர்ந்தே வந்தன. உங்களிடம் அந்த ஓடு எது? உலர்த்தி அரைத்திருப்பது என்பது மற்றப் பொடிகளுக்கும் உண்டு. சல்லடை எவ்வளவு நயமானது என்று பாருங்கள். காம்பு நார் இல்லாமல், மாவில் திப்பியில்லாமல் கரைகிறது என்றால் அதைப் படமெடுத்துக் காட்டலாம். மற்றவர் பொடியையும் உங்களுடையதையும் இரண்டு டம்ளர் மாவில் கலந்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் அது உங்கள் ஓடு. தெரியவில்லை என்றால், பயனை மற்றவர்கள் யாரும் இன்னும் சொல்லவில்லை என்பது மட்டுமே உங்கள் பலம். அது சில மாதம் தாங்கும், அதற்குள் சல்லடையை மாற்றுங்கள்.

எல்லாம் ஒத்துவந்ததும் உடனே விளம்பர வாசகத்தை எழுதிவிடாதீர்கள், அதற்கு முன் உங்களுக்காக மட்டும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் யாருக்கு, எந்தச் சமயத்தில், எதற்குப் பதிலாக, என்ன கிடைக்கிறது, ஏன் நம்பலாம் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். நம் உதாரணத்துக்கு: "வேலைக்குப் போகிற, வார நாளில் கீரை ஆய நேரமில்லாத பெண், காலை அடைக்கும் சப்பாத்திக்கும் வெறும் வெங்காயம் போடுவதற்குப் பதிலாக, மாவில் இரண்டு கரண்டி கலந்து முருங்கைக் கீரை சேர்த்துவிடலாம், திப்பியில்லாமல் கரையும்படி சலித்திருக்கிறோம்."

நீளமாக, அழகில்லாமல் இருக்கிறது. இருக்கட்டும், இது யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. இதில் "மேலும்", "அதோடு" என்ற சொல் நுழைந்தால் இரண்டாவது பயன் ஒளிந்து வருகிறது என்று அர்த்தம், வெட்டுங்கள். "யாருக்கு" என்ற இடத்தில் "அனைவருக்கும்" என்று எழுதத் தோன்றினால் அழைப்புகளை இன்னும் முடிக்கவில்லை. கொல்லையில் முருங்கை மரம் நிற்கும் வீட்டுக்காரர் உங்கள் வாடிக்கையாளர் அல்ல, அவரிடம் கீரைக்குக் காசு கேட்கவே முடியாது. அவரை விட்டுவிடச் சம்மதிப்பது இந்த வேலையில் பலருக்கும் கசக்கும் இடம். இந்த வாக்கியம் கைக்கு வந்துவிட்டால், "ஞாயிற்றுக்கிழமை கீரை அடை, இனி புதன்கிழமையும்" போன்ற தலைப்பு தானாக வரும். வாடிக்கையாளர் சொன்ன சொல்தான் அதில் பாதி.

சரியாகத்தான் கண்டுபிடித்தோமா என்று பணம் அதிகம் செலவழிக்காமல் சோதிக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். இன்னும் வாங்காதவர்களின் பெயர்களை அகரவரிசையில் வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக 100 பேர் வீதம் இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். ஒரு பட்டியலுக்கு இரும்புச்சத்துத் தலைப்பு, இன்னொன்றுக்குப் புதன்கிழமை அடைத் தலைப்பு. படம், விலை, அனுப்பும் நேரம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் தள்ளுபடி சேர்த்துவிட்டால் எது விற்றது என்று தெரியாமல் போய்விடும்.

இதய எமோஜிகளை எண்ண வேண்டாம், மூன்று நாளில் வந்த ஆர்டர்களை மட்டும் எண்ணுங்கள். ஒன்றில் 4, இன்னொன்றில் 6 என்று வந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. 100 பேரில் அந்த வித்தியாசம் சும்மாவே வரும். 3-க்கு 12 என்று வந்தால் பேசலாம். நடுவில் எங்காவது வந்தால் இன்னொரு 200 பேரிடம் அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டுமே 1, 2 என்று நின்றால் தலைப்பில் கோளாறு இல்லாமல் விலையிலோ படத்திலோ, அல்லது பட்டியலில் இருக்கும் ஆட்களிலோ கோளாறு இருக்கலாம்.

அதிலும் முதல் ஆர்டர் பாதிச் சாட்சிதான். பயன் உண்மையானது என்றால் மூன்று வாரத்தில் பாக்கெட் தீர்ந்து மறுபடி கேட்க வேண்டும். ஆகவே தேதியைக் குறித்துவைத்து 45 நாள் கழித்துப் பாருங்கள், இந்தத் தலைப்பைப் பார்த்து வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது பாக்கெட் கேட்டார்கள்? தலைப்பு நன்றாக இழுத்து, இரண்டாவது ஆர்டர் வரவில்லை என்றால் வாசகத்தை மாற்றாதீர்கள், மறுபடி கசப்புச் சோதனைக்குப் போங்கள்.

மீதமிருக்கும் பயன்களை எறிந்துவிட வேண்டியதில்லை. தலைப்பும் படமும் முதல் இரண்டு வரியும் அடைக்கே இருக்கட்டும். அதன் கீழே, அந்த ஒரு பயனை நம்ப வைக்க உதவுபவை மட்டும் வரலாம்: நிழலில் உலர்த்தியதால் பச்சை நிறம், நயமாகச் சலித்ததால் திப்பியில்லை, 200 கிராம் மாவுக்கு இத்தனை கிராம் என்ற அளவு. சத்து அட்டவணை பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு. முடி வளர்ச்சிக்கு மட்டும் எங்கேயும் இடம் கொடுக்காதீர்கள். அடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு முன்னால் முடியைக் கொண்டுவந்து வைப்பது எந்த விதத்திலும் பசியைத் தூண்டாது.